அணைச் சுவர் அடியில் ஏன் அவ்வளவு தடிமன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பேர் வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயங்களிலிருந்து வரும் தமிழ் மீடியம் பிள்ளைகள், மீதி கூடலூர், லோயர் கேம்ப் பக்கத்திலிருந்து மலை ஏறி வருபவர்கள். இங்கே மழை பிடித்தாலே எல்லார் வாயிலும் முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டத்தின் அடிக்கணக்குதான். இன்றைக்கு எத்தனை அடி, நேற்று எத்தனை அடி என்று டீக்கடையில் பேச்சு ஆரம்பித்து, கடைசியில் அந்தச் சுவர் எப்படித் தாங்குகிறது என்ற கேள்வியில் வந்து நிற்கும். பிள்ளைகள், அவர்களின் அப்பாக்கள், ஜீப் ஓட்டும் அண்ணன்கள் என்று பலர் கேட்டதை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

ஆழம் போகப் போக தண்ணி அழுத்தம் ஏன் சார் கூடுது?

மேலே இருக்கும் தண்ணீரைக் கீழே இருக்கும் தண்ணீர் சுமக்க வேண்டியிருப்பதால்தான். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள தண்ணீர் ஒரு டன் எடை. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஒரு டன் உட்கார்ந்திருக்கிறது, பத்து மீட்டர் ஆழத்தில் பத்து டன், நாற்பது மீட்டரில் நாற்பது டன். புத்தகத்தில் P = hρg என்று போட்டிருப்பது இதையேதான். இந்தப் பக்கம் முழுக்க நான் 'சதுர மீட்டருக்கு இத்தனை டன்' என்றே சொல்லப்போகிறேன், மனதில் பிடிக்க அது சுலபம். பரீட்சையில் பாஸ்கலில் கேட்டால், ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 9,800 பாஸ்கல் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எடைன்னா கீழ்நோக்கித்தானே அமுக்கணும், சுவரை எதுக்குப் பக்கவாட்டுல தள்ளுது?

ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு, கவரோடு சேர்த்து வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்கிப் பாருங்கள், கவரின் வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். கவர் கையின் மேல்புறம் மட்டும் ஒட்டாது. உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டின் அடிப்பக்கம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து இறுக்கும். விரல் நுனியில் இறுக்கம் கொஞ்சம் அதிகம், மணிக்கட்டில் குறைவு. நான் வகுப்பில் முதல் நாளே இதைச் செய்ய வைத்துவிடுவேன்.

கல்லை அடுக்கினால் அதன் எடை நேராகக் கீழே இறங்கும், ஏனென்றால் கல் தன் வடிவத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். தண்ணீரால் அது முடியாது. மேலிருந்து அமுக்கினால் பக்கத்தில் பிதுங்கிப் போகப் பார்க்கும், பக்கத்தில் சுவர் இருந்தால் அதே பலத்தோடு சுவரைத் தள்ளும். அதனால் ஒரு ஆழத்தில் கீழ்நோக்கி எவ்வளவு அழுத்தமோ, பக்கவாட்டிலும் அவ்வளவு, மேல்நோக்கியும் அவ்வளவு. மேல்நோக்கி என்பதை மறந்துவிடாதீர்கள், அது பின்னால் பெரிய வேலை வைக்கும்.

அணைக்குப் பின்னாடி மைல் கணக்குல தண்ணி நிக்குது, அத்தனையையுமா அந்தச் சுவர் தாங்குது?

இல்லை. தேக்கடியில் படகு போகும் தூரம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறதுதான், ஆனால் அதன் எடையைத் தாங்குவது ஏரியின் தரை. சுவருக்குத் தெரிவதெல்லாம் தன் முகத்தின் முன்னால் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது மட்டும்தான். சுவரிலிருந்து பத்தடி தள்ளி இன்னொரு சுவர் வைத்து இடையில் அதே ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றினாலும், நிற்கும் தண்ணீரின் தள்ளு அதேதான்.

நம்பிக்கை வராவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூபைப் பாருங்கள். ஒரு முனையைத் தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் விட்டு, காற்றுக்குமிழி இல்லாமல் டியூபை நிரப்பி, மறுமுனையைத் தூக்கிப் பிடித்தால், விரல் தடிமன் டியூபில் இருக்கும் தண்ணீரும் டிரம்மில் இருக்கும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். இருநூறு லிட்டர் தண்ணீர் டியூபில் இருக்கும் அரை லிட்டரை மேலே தள்ளிவிடவில்லை. பரப்பு எவ்வளவு என்பதற்கு அங்கே வேலையே இல்லை.

பாட்டில்ல மேல, நடுவுல, கீழன்னு மூணு ஓட்டை போட்டா கீழ் ஓட்டைத் தண்ணிதான் தூரமாப் போகும்னு படம் இருக்கு. நான் செஞ்சப்ப நடு ஓட்டைதான் தூரமாப் போச்சு. நான் தப்பு பண்ணிட்டேனா?

நீ செய்தது சரிம்மா, படம்தான் தப்பு. வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும், கேட்கும் பிள்ளை நிஜமாகச் செய்து பார்த்த பிள்ளை என்று அப்போதே தெரிந்துவிடும். கீழ் ஓட்டையில் தண்ணீர் வேகமாகத்தான் வெளியே வருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது விழ வேண்டிய உயரம் கொஞ்சம்தான், தூரம் போவதற்குள் தரையைத் தொட்டுவிடுகிறது. பாட்டிலில் 20 செ.மீ. தண்ணீர் நின்று, தரையிலிருந்து 5, 10, 15 செ.மீ. உயரத்தில் ஓட்டைகள் இருந்தால், கணக்குப்படி நடு ஓட்டைத் தண்ணீர் 20 செ.மீ. தள்ளி விழும், மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் இரண்டுமே 17 செ.மீ. சுமாரில் விழும்.

அதே பாட்டிலை ஒரு மீட்டர் உயர ஸ்டூலின் ஓரத்தில் வை. விழும் உயரம் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், அப்போது வேகம் மட்டும்தான் பேசும், படத்தில் போட்டிருக்கும்படி கீழ் ஓட்டை ஜெயிக்கும்.

மேல காத்து அமுக்குதே, அதைக் கணக்குல சேர்க்க வேண்டாமா?

வேண்டாம். காற்று ஏரியின் மேலும் அமுக்குகிறது, சுவரின் மறுபக்கமும் அமுக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

மொத்தத்துல சுவர் மேல எவ்வளவு தள்ளு விழும்? ஒரு கணக்காப் போட்டுக் காட்டுங்க.

தண்ணீர் 40 மீட்டர் ஆழம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம், முல்லைப் பெரியாறு நிரம்பும்போது ஏறக்குறைய அந்த அளவுதான். சுவரில் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும், கேக் வெட்டுவது போல மேலிருந்து கீழே ஒரு துண்டாக எடுங்கள். மேலே அழுத்தம் பூஜ்யம், அடியில் 40 டன், சராசரி 20 டன். சுவரின் முகம் 40 சதுர மீட்டர். 20 × 40 = 800 டன். ஒரே ஒரு மீட்டர் நீளச் சுவர் மீது இத்தனை டன் கிடையாகத் தள்ளுகிறது.

இந்த 800 டன்னும் ஒரே இடத்தில் தள்ளுவதாகப் பாவித்தால் அந்த இடம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 13.3 மீட்டரில் வரும், ஏனென்றால் தள்ளு கீழ்ப்பக்கம்தான் கனம். கடப்பாரையை எந்த உயரத்தில் பிடித்துத் தள்ளுகிறோம் என்பது எவ்வளவு முக்கியமோ அதே போல இதுவும். 800-ஐ 13.3-ஆல் பெருக்கினால் 10,670 டன்-மீட்டர் சுமார், அதுதான் சுவரைத் தண்ணீர் இல்லாத பள்ளத்துப் பக்கம் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன். இந்த இரண்டு எண்களையும் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ அடியில அழுத்தம் அதிகம், அங்க சுவர் பொத்துக்கக் கூடாதுன்னுதானே தடிமனாக் கட்டுறாங்க?

பெரும்பாலான பதில்தாள்களில் இதுதான் இருக்கும், முக்கால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும், ஆனால் காரணம் இதில்லை. 40 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 40 டன் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 4 கிலோ. சாதாரணக் கான்கிரீட்டே சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ வரை அமுக்கினால்தான் நொறுங்கும். அந்த இடத்தில் தண்ணீர் சுவரைப் பொத்துக்கொண்டு போவது என்பது நடக்காத காரியம்.

உண்மையான காரணம் இது. சுவரை எந்த மட்டத்தில் கிடையாக வெட்டிப் பார்த்தாலும், அந்த வெட்டு தனக்கு மேலே விழும் மொத்தத் தள்ளையும் சேர்த்துத் தாங்க வேண்டும், தன் முன்னால் இருக்கும் தண்ணீரின் தள்ளை மட்டும் அல்ல. மேலிருந்து 10 மீட்டரில் வெட்டினால் அதற்கு மேலே விழும் தள்ளு 50 டன். 20 மீட்டரில் வெட்டினால் 200 டன். அடியில் 800 டன். ஆழம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. கவிழ்ப்பது இன்னும் மோசம், தள்ளும் கூடுகிறது, அது தள்ளும் உயரமும் கூடுகிறது, அதனால் எட்டு மடங்கு. 10 மீட்டரில் 167 டன்-மீட்டர், 20-இல் 1,333, 40-இல் முன்னே போட்ட 10,670.

இதைச் சுவர் எதை வைத்துத் தாங்குகிறது? தன் எடையை வைத்து. அதனால்தான் இந்த வகைக்கு எடை அணை என்று பெயர். ஒவ்வொரு மட்டத்திலும் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்குப் போட்டால், 10 மீட்டர் ஆழத்தில் ஆறரை மீட்டர், 20-இல் 13, 40-இல் 26 மீட்டர் என்று வரும். ஆழத்துக்கு நேராகவே தடிமனும் ஏறுகிறது. அந்தப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் கிடைப்பது முக்கோணம். அணையின் குறுக்குவெட்டு முக்கோணமாக இருப்பது கணக்கே வரைந்து கொடுத்த வடிவம். மேலே கூர்மையாக விட முடியாதே என்பதற்காகவும், ஆள் நடக்கவும், அலை அடித்து மேலேறாமல் இருக்கவும் உச்சியில் கொஞ்சம் அகலமும் உயரமும் சேர்ப்பார்கள். முல்லைப் பெரியாறு அணை உச்சியில் 3.6 மீட்டர், அடியில் 42 மீட்டர் சுமார், உயரம் 53.6 மீட்டர்.

26 மீட்டர்னு எப்படி வந்துச்சு?

கான்கிரீட் கனமீட்டருக்கு 2.4 டன். தண்ணீர் பக்கம் செங்குத்தாகவும் பள்ளத்துப் பக்கம் சரிவாகவும் உள்ள 40 மீட்டர் முக்கோணத்தின் அடி அகலம் b என்றால், ஒரு மீட்டர் நீளத்தின் எடை 48b டன். கவிழாமல் இருந்தால் போதும் என்று பார்த்தால் 18 மீட்டர் அகலமே போதும் என்று வரும். ஆனால் அப்படிக் கட்டினால் கவிழ்வதற்கு முன்னாலேயே தண்ணீர் பக்கத்து அடி தூக்கிக்கொண்டு விரியும். கட்டுமானம் அமுக்கத்தைத் தாங்குமே தவிர இழுப்பைத் தாங்காது. விரிசல் விழுந்தால் தண்ணீர் உள்ளே போகும்.

அதனால் விதி என்னவென்றால், சுவரின் எடையும் தண்ணீரின் தள்ளும் சேர்ந்த மொத்த விசை, அடி அகலத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப்பங்கைத் தாண்டி வெளியே போகக் கூடாது. ஏரி காலியாக இருக்கும்போது முக்கோணத்தின் எடை நடுப்பங்கின் தண்ணீர்ப் பக்க எல்லையில் விழுகிறது. நிரம்பும்போது அது பள்ளத்துப் பக்க எல்லை வரைக்கும் நகரலாம், அதாவது b/3 தூரம். 48b × b/3 = 10,670 என்று போட்டால் b = 25.8 மீட்டர்.

மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே தடிமனா, பெட்டி மாதிரி கட்டிட்டா இன்னும் ஸ்ட்ராங்தானே?

இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. செங்குத்தான பெட்டிச் சுவரின் எடை 96b, முக்கோணத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் காலியாக இருக்கும்போதே அதன் எடை நட்ட நடுவில் விழுகிறது, அங்கிருந்து நடுப்பங்கின் எல்லைக்கு b/6 தூரம்தான் மிச்சம். 96b × b/6 = 10,670 என்று போட்டால் மறுபடியும் அதே 25.8 மீட்டர். இரண்டு மடங்கு கல்லும் சுண்ணாம்பும் கொட்டி, அடியில் ஒரு மீட்டர்கூட மிச்சம் பிடிக்க முடியவில்லை.

சரிவு ஏன் தண்ணி இல்லாத பக்கம் இருக்கு?

சுவர் கவிழ்ந்தால் பள்ளத்துப் பக்கத்து அடி விளிம்பைச் சுற்றித்தான் கவிழும். எடை அந்த விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுத்துப் பிடிக்கும். தண்ணீர் பக்கம் செங்குத்தாக இருந்தால் எடை முழுக்க அந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது. திருப்பிக் கட்டினால் சரிவின் மேல் நிற்கும் தண்ணீரின் எடையும் உதவும் என்பது உண்மைதான், ஆனால் கூட்டிப் பார்த்தால் மொத்தப் பிடிப்பு கொஞ்சம் குறைவாகவே வரும்.

அணைக்கு அடியில தண்ணி போய் சுவரைத் தூக்கும்னு எங்க மாமா சொல்றார். நிஜமா?

நிஜம், உங்கள் மாமா சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். அழுத்தம் மேல்நோக்கியும் வேலை செய்யும் என்று இரண்டாவது பதிலில் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான். எந்தப் பாறையும் முழுக்க அடைப்பாக இருக்காது. சுவருக்கும் பாறைக்கும் இடையில், பாறையின் வெடிப்புகளில் தண்ணீர் புகுந்து சுவரை அடியிலிருந்து மேலே தள்ளும். தண்ணீர் பக்க விளிம்பில் முழு 40 டன், பள்ளத்துப் பக்கத்தில் பூஜ்யம், சராசரி 20 டன். அடி அகலம் 26 மீட்டர் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 520 டன் மேல்நோக்கி. சுவரின் எடையே 1,250 டன்தான், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவு காணாமல் போனது போல ஆகிவிடுகிறது. இதையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டால் அடி அகலம் 26 போதாது, 34 மீட்டர் வேண்டும்.

இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. பிரான்சில் பூசே என்ற அணை 1884-இல் ஒரு பகுதி முன்னால் நகர்ந்தது, சரிசெய்து பலப்படுத்தினார்கள். 1895 ஏப்ரலில் மேல் பகுதி கிடையாக விரிந்து பிளந்து போனது, எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்ணீர் பக்கத்தில் இழுப்பு வந்து, விரிசலுக்குள் தண்ணீர் புகுந்து, சுவரைத் தூக்கிவிட்டது. அதன் பிறகுதான் இந்த மேல்தள்ளைக் கணக்கில் சேர்ப்பது பரவியது. அதே 1895 அக்டோபரில்தான் பென்னிகுயிக் கட்டிய நம்ம அணை திறக்கப்பட்டது. அதாவது அது வடிவமைக்கப்பட்ட நாட்களில் இந்தப் பாடம் இன்னும் பாடமாகவே ஆகவில்லை.

கவிழாட்டி சரி, அப்படியே சறுக்கிட்டுப் போனா?

நல்ல சந்தேகம். முன்பு போட்ட 34 மீட்டர் அடி உள்ள சுவரையே எடுங்கள். எடை 1,632 டன், மேல்தள்ளு 680 டன், பாறை மீது உண்மையாக அழுந்துவது 952 டன். உராய்வு 0.7 என்று வைத்தால் 666 டன் பிடிக்கும். தண்ணீர் தள்ளுவதோ 800. உராய்வை மட்டும் நம்பினால் சுவர் நகர்ந்துவிடும்.

அதனால்தான் அணைக்கு அடித்தளம் போடும்போது மண்ணையும் உளுத்த பாறையையும் முழுக்கச் சுரண்டி எடுத்து, நல்ல பாறை தெரிந்த பிறகு, அதைச் சொரசொரப்பாகக் கொத்தி, கழுவி, அதன் மேல் கட்டுவார்கள். சுவரும் பாறையும் ஒட்டிப் பிடிப்பது உராய்வுக்கு மேல் சேரும் பலம். இன்னொரு வழி, சுவருக்குள் தண்ணீர் பக்கமாக ஒரு சுரங்க நடை விட்டு, அங்கிருந்து பாறைக்குள் வரிசையாகத் துளை போட்டு, புகுந்த தண்ணீரை வெளியே வடித்துவிடுவது. மேல்தள்ளு பாதியாகக் குறைந்தாலே அழுந்தும் எடை 1,292 டன் ஆகிவிடும், உராய்வு மட்டுமே 900 டன்னைத் தாண்டிப் பிடிக்கும். அந்தத் துளைகள் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டால் பழைய கதைதான், அதனால் அவ்வப்போது சுத்தம் செய்தாக வேண்டும்.

136 அடிக்கும் 142 அடிக்கும் ஆறடிதான் வித்தியாசம். இதுக்கா இவ்வளவு சண்டை?

எல்லையின் இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம் இருக்கிறது, இரண்டு பக்கமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். முதலில் ஆண்டுகள்: 1979-இல் மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது, 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 142 அடி வரை தேக்கலாம் என்றது. அணை முதலில் கட்டப்பட்டது 152 அடிக்கு.

கணக்கு என்ன சொல்கிறது என்றால், 136-லிருந்து 142-க்கு ஏறும்போது ஆழம் நாலரை சதவீதம்கூடக் கூடவில்லை. ஆனால் தள்ளு இரண்டு மடங்கு வேகத்தில் ஏறுவதால் 9 சதவீதம் கூடுகிறது, கவிழ்ப்பது 14 சதவீதம் சுமாருக்குக் கூடுகிறது. பாதி காலியான ஏரியில் ஆறடி ஏறுவதும் நிரம்பிய ஏரியில் ஆறடி ஏறுவதும் சுவருக்கு ஒன்றில்லை, கடைசி அடிகள்தான் கனம். ஆனால் இது சுவர் தாங்கும் என்பதற்கும் சான்று இல்லை, தாங்காது என்பதற்கும் சான்று இல்லை. அதற்குச் சுவரின் இன்றைய எடை, மேல்தள்ளின் அளவு, கசிவு, நிலநடுக்கம் எல்லாம் தனித்தனியாகப் பார்க்கப்பட வேண்டும்.

அணையைப் பலப்படுத்தினோம்னு சொல்றாங்களே, தடிமனைக் கூட்டாம எப்படிப் பலப்படுத்த முடியும்?

1979-க்குப் பிறகு மூன்று வேலை செய்தார்கள், மூன்றையும் மேலே சொன்ன கணக்கிலேயே புரிந்துகொள்ளலாம். ஒன்று, உச்சியில் கான்கிரீட் தொப்பி. உச்சி தண்ணீர் பக்கத்துக்கு மேலே இருப்பதால், அங்கே வைக்கும் ஒவ்வொரு டன்னும் கவிழும் விளிம்பிலிருந்து மிகத் தூரத்தில் இருந்து இழுத்துப் பிடிக்கிறது. இரண்டாவது, உச்சியிலிருந்து சுவர் வழியாகத் துளையிட்டு, அடியில் இருக்கும் பாறைக்குள் எஃகுக் கம்பிவடங்களை இறக்கி, இழுத்து இறுக்குவது. வடத்தின் இழுப்பு சுவருக்கு, கல் வைக்காமலே எடை வைத்தது போல. மூன்றாவது, பள்ளத்துப் பக்கத்தில் சுவரோடு சேர்த்துக் கான்கிரீட் முட்டு. அது அடி அகலத்தையே கூட்டுகிறது, நீங்கள் நினைத்த வழி இது.

முட்டு கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. புதுக் கான்கிரீட்டும், சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்து கட்டிய பழைய கட்டுமானமும் ஒன்றாகச் சேர்ந்து அசைய வேண்டும், இரண்டுக்கும் நடுவில் பிடிப்பு விட்டால் இரண்டு மெல்லிய சுவர் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது போலத்தான்.

சுவர்ல ஈரம் கசிஞ்சா உடையப் போகுதுன்னு அர்த்தமா?

கசியாத அணை கிடையாது. வடிகால் துளையில் தண்ணீர் வருவது நல்லதும்கூட, அது சுவரைத் தூக்காமல் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்க வேண்டியது எவ்வளவு என்பதைவிட எப்படி மாறுகிறது என்பதை. வடியும் தண்ணீரை வி வடிவில் வெட்டிய தகட்டின் வழியாக விட்டு அளப்பார்கள். ஏரி மட்டம் ஏறும்போது கசிவு ஏறி, இறங்கும்போது இறங்கினால் சரி. மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினால், அல்லது தெளிவாக வந்த தண்ணீர் கலங்கலாக வந்தால், உள்ளே ஏதோ அரிக்கிறது. வழக்கமாக வடிந்த துளை திடீரென்று வறண்டு போவதும் கவலைதான், தண்ணீர் வேறு எங்கோ போய் அமுக்குகிறது. சுண்ணாம்பு போட்டுக் கட்டிய சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிவது சுவரின் சுண்ணாம்பு கரைந்து வருவதால், அது கொஞ்சம் கொஞ்சமாக எடை குறைகிற விஷயம்.

ஏரியில சேறு சேர்ந்துட்டா தள்ளு அதிகமாகுமா?

ஆகும், நினைக்கிற அளவுக்கு இல்லை. தண்ணீர் ஊறிய வண்டலைப் பக்கவாட்டுத் தள்ளுக்குக் கனமீட்டருக்கு 1,360 கிலோ உள்ள திரவம் போல எடுத்துக்கொள்வது இந்தியத் தர விதி. நம் 40 மீட்டரில் கீழ் 10 மீட்டர் சேறு என்றால் கூடுதல் தள்ளு 18 டன். 800-க்கு முன்னால் அது சின்னது, அதுவும் அடியில் தாழ்வாகத் தள்ளுகிறது.

அடியில தடிமன் வேணும்னு இவ்வளவு சொன்னீங்க. இடுக்கி டேம் இதைவிட மூணு மடங்கு உயரம், ஆனா அடியில 20 மீட்டர்தானாமே?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். உயரம் 169 மீட்டர் சுமார், உச்சியில் 7.6 மீட்டர், அடியில் 19.8 மீட்டர். எடை அணைக் கணக்கில் போட்டால் அடியில் 130 மீட்டருக்கும் மேல் வேண்டியிருக்கும்.

இடுக்கி தன் எடையை நம்பி நிற்கவில்லை. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவில் தண்ணீரைப் பார்த்து வளைந்து நிற்கும் வில் அது. தண்ணீர் தள்ளும்போது வளைவு நெருக்கப்பட்டு, தள்ளு இரண்டு ஓரத்துக்கும் ஓடி மலைப்பாறையில் இறங்குகிறது. அகல் விளக்கு வைக்கும் மாடக்குழியின் மேல் வளைவு சுமையை இரண்டு பக்கத்துக்கும் தள்ளுவது போல, ஆனால் படுக்க வைத்த வளைவு. கான்கிரீட்டுக்கு அமுக்கம் பிடிக்கும் என்பதால் மெல்லிய சுவரே போதும். அப்போதும் அடியில்தான் தடிமன் அதிகம், அங்கே அழுத்தம் அதிகம் என்பது மாறவில்லை.

பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இடுக்கி ஏரியின் அதே தண்ணீரை, அதே மட்டத்தில், செறுதோணியில் நேர்ச்சுவராக ஒரு எடை அணை தடுக்கிறது. உயரம் 138 மீட்டர், இடுக்கியைவிடக் குறைவு, ஆனால் அடி அகலம் 100 மீட்டருக்கு மேல். அங்கே இரண்டு பக்கமும் இடுக்கி போல நெருங்கி நிற்கும் மலை இல்லை. வில் அணைக்கு மலை விட்டுக்கொடுக்கக் கூடாது. பிரான்சில் மால்பாசே என்ற மெல்லிய வில் அணை 1959 டிசம்பரில் உடைந்தது கான்கிரீட் பலவீனத்தால் இல்லை, இடது பக்கத்துப் பாறை நகர்ந்ததால்.

குமுளி மலையில பெரிய பெரிய குழாய் லோயர் கேம்ப்புக்கு இறங்குதே, அதுவும் கீழ போகப் போக தடிமனா?

இப்படி மலையிலிருந்து இறங்கும் மின்நிலையக் குழாய்களில் தகட்டின் தடிமன் கீழே போகப் போகக் கூட்டித்தான் வைப்பார்கள், வெளியே பார்த்தால் தெரியாது. ஆனால் காரணம் வேறு. 'பொத்துக்கக் கூடாது' என்று அணைக்குச் சொன்ன காரணம் அங்கே பொருந்தவில்லை, இங்கே அதுதான் முழுக் காரணம். குழாய்க்குள் அழுத்தம் உள்ளிருந்து எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுகிறது, தகடு சுற்றிலும் இழுபடுகிறது, அழுத்தம் இரண்டு மடங்கானால் தகடும் இரண்டு மடங்கு வேண்டும். அணையில் ஆழத்தோடு எட்டு மடங்கு ஏறிய கவிழ்ப்பு மாதிரியான விஷயம் இங்கே இல்லை, ஏனென்றால் குழாய் எதையும் முட்டிக்கொண்டு நிற்கவில்லை.

நின்ற தண்ணீரின் அழுத்தத்தோடு இன்னொன்றும் சேரும். வீட்டில் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டங்' என்று ஒரு அடி கேட்கும் அல்லவா, ஓடிவந்த தண்ணீர் திடீரென்று நிற்பதால் வரும் அழுத்தம் அது. மலைக்குழாயில் அடியில் இருக்கும் வால்வை அப்படி மூடினால் தகடு கிழியும், அதனால் அங்கே வால்வை மெதுவாகத்தான் மூடுவார்கள், தகட்டிலும் அந்த அடிக்கென்று கொஞ்சம் தடிமன் சேர்த்தே வைத்திருப்பார்கள்.